ஒன்பது மீட்டர் சாலையைச் சொல்லால் வரைய முடியுமா?

விருத்தாசலத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரக் குழி தோண்டும் முன்பே ஒரு படம் ஊருக்குள் வந்துவிடும். வானத்திலிருந்து பார்த்தால் வளாகம் எப்படித் தெரியும் என்று காட்டும் படம் அது. கட்டுநர்கள் அதை ‘ஏரியல் வியூ’ என்பார்கள். முப்பரிமாண வரைகலைஞர்கள் நாட்கணக்கில் உட்கார்ந்து செய்த அந்த வேலையை, இன்று படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் நாலு வரி பிராம்ப்ட் எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

அந்தப் படம் அழகாக இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கேட்பது வேறு: வளாகத்துக்கு முன்னால் உள்ள சாலை அதன் உண்மையான அகலத்தில் வருகிறதா? எதிர்வரிசை வீடுகளும் பக்கத்துப் பட்டறைகளும் அவற்றின் உண்மையான உயரத்தில் நிற்கின்றனவா? இந்த இரண்டையும் சரியாகக் கொண்டுவர மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மனையில் வைத்து எடைபோட்டு, எதை ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது என்று சொல்ல முயல்கிறேன்.

சாலை அகலத்தில் ஏன் இத்தனை கண்டிப்பு? 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனையை ஒட்டிய சாலையின் அகலத்தைப் பொறுத்துத்தான் அங்கே எவ்வளவு கட்டலாம் என்பது முடிவாகிறது. 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது ‘உயரமான கட்டடம்’ என்ற வகைக்குள் போய், அகலமான சாலையைக் கேட்கும். 9 மீட்டர் சாலையைப் படத்தில் 15 மீட்டராகக் காட்டினால், அந்த இடத்தில் கிடைக்கவே முடியாத வேறொரு திட்டத்தைக் காட்டியதாகிறது. பார்ப்பவருக்கு இது தெரியாது. வாசலில் கார் திரும்புமா, எதிர்வீட்டு வெளிச்சத்தைப் புதுக் கட்டடம் மறைக்குமா என்பதையெல்லாம் அவர் அந்தப் படத்தை நம்பித்தான் முடிவு செய்வார்.

எடைபோட ஒரு மனை வேண்டும். இது நான் வைத்துக்கொள்ளும் மாதிரிதான். செராமிக் தொழில் நடக்கும் இந்த ஊரின் ஓரத்துத் தெருவுக்குப் பொருந்துகிற அளவுகளை எடுத்திருக்கிறேன். மனை 60 மீட்டருக்கு 80 மீட்டர். அதில் நான்கு பிளாக்குகள். கீழே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம், மேலே ஐந்து மாடி. தளத்துக்கு 3 மீட்டர் என்றால் மொத்தம் 18 மீட்டர், விதியின் எல்லைக்குள் அடங்கும். வடக்கே 9 மீட்டர் சாலை. அதாவது ஒரு பக்கத்து மதிலிலிருந்து எதிர்ப் பக்கத்து மதில்வரை 9 மீட்டர். அதில் தார் போட்டது நடுவில் 5.5 மீட்டர் மட்டும். மீதி இருபுறமும் மண், சாக்கடை, மின்கம்பம். எதிரே மொட்டைமாடி வைத்த ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 4 முதல் 7 மீட்டர் உயரம். கிழக்கே தகரக் கூரை போட்ட பீங்கான் பட்டறைகள், ஒரு சூளைப் புகைபோக்கி.

முதல் வழி: அளவை எழுதிவிடுவது

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள்:

```
aerial view of a housing complex in Vriddhachalam,
ceramic town, four 6-storey blocks, 9 m wide road,
2-storey neighbouring houses, correct scale, realistic
```

தேவையானதெல்லாம் இதில் இருப்பதுபோலத் தோன்றும். படக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வரிகளில் பாதி வீண் என்பது விளங்கும். கருவி கற்றது படங்களையும் அவற்றுக்குக் கீழே யாரோ எழுதிய குறிப்புகளையும் சேர்த்துத்தான். சாலைப் படத்துக்குக் கீழே அந்தச் சாலையின் அகலத்தை மீட்டரில் எழுதுபவர் அரிது. அதனால் 9 என்ற எண்ணுக்கும் படத்தில் உள்ள எந்த நீளத்துக்கும் கருவிக்குள் உறவு இல்லை. 9-ஐ 7 ஆக்கினாலும் 12 ஆக்கினாலும் சாலை அதற்கேற்பக் குறுகி விரியாது. இதைச் சோதிப்பது எளிது: வேறெதையும் மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றி, ஒரே விதை எண்ணில் மூன்று படங்கள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

‘சரியான அளவு’ என்ற சொல்லும் அப்படியே. அது ஒரு தீர்ப்பு. கண்ணால் காணும் பொருள் அல்ல. எதோடு ஒப்பிட்டுச் சரி என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. ‘செராமிக் டவுன்’ இன்னும் மோசம். அந்தச் சொல் கருவியைப் பட்டறைகளுக்கு அழைத்துப் போவதைவிட, பளபளக்கும் ஓடு பதித்த சுவர்களுக்கோ பீங்கானில் செய்த பொம்மை ஊருக்கோ இழுத்துப் போவதற்கே வாய்ப்பு அதிகம். பொம்மை ஊரின் சாயல் வந்துவிட்டால் அளவு பற்றிய பேச்சே முடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ‘ஏரியல் வியூ’ என்ற சொல்லே. வானிலிருந்து எடுத்த வளாகப் படங்களில் பெரும்பகுதி விளம்பரத்துக்காகச் செய்தவை. அவற்றில் சாலை நடைபாதையும் தடக்கோடுகளுமாக அகன்று கிடக்கும், சுற்றிலும் புல்வெளி இருக்கும், அண்டை வீடுகள் இருக்காது, அல்லது பசுமையில் கரைந்துபோயிருக்கும். பிராம்ப்ட் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறதோ அங்கெல்லாம் இந்தப் பழக்கமே வந்து நிரப்பும். விருத்தாசலம் என்ற பெயர், அதை எதிர்த்து நிற்கும் அளவுக்குப் படங்களைத் தன் பின்னால் வைத்திருக்கவில்லை.

இரண்டாம் வழி: அளவை உறவாகச் சொல்வது

கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் எண்ணை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் உறவுகளை எழுதுகிறார்கள்:

```
high oblique drone view, narrow tar road where two cars
barely pass, earth shoulders, open drain, low flat-roofed
houses across the road, rooftops about one third the
height of the apartment blocks
```

இது முதல் வழியைவிடத் தெளிவாக மேல். ஒடுங்கிய தார்ச்சாலை, மண் ஓரம், திறந்த சாக்கடை எல்லாம் படங்களில் இருப்பவை. அவற்றைக் கருவி பார்த்திருக்கிறது. எதிர்வீடு 7 மீட்டர், வளாகம் 18 மீட்டர் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பது உண்மைக்கு அருகில்தான் இருக்கிறது. நடைபாதைக் கல்லும் தடக்கோடும் வேண்டாம் என்றால், அவற்றை எதிர்மறைப் பிராம்ப்டுக்கான தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். முதன்மை வரியில் ‘தடக்கோடு இல்லாத’ என்று எழுதினால், ‘இல்லாத’ என்பது பெரும்பாலும் காதில் விழாமல் தடக்கோடு மட்டும் வந்து நிற்கும்.

ஆனால் இந்த வழி தருவது ஒரு சாலையின் இனத்தைத்தான், இந்தச் சாலையை அல்ல. ஒடுங்கிய சாலை வரும். அது 5 மீட்டரா 8 மீட்டரா என்பது விதை எண்ணைப் பொறுத்தது. மறுபடி ஓட்டினால் வேறு. வடக்கிலிருந்து ஒரு படமும் கிழக்கிலிருந்து ஒரு படமும் கேட்டால், இரண்டிலும் ஒரே சாலை இருக்காது, ஒரே எண்ணிக்கையில் வீடுகளும் இருக்காது. ஒரே திட்டத்தின் இரு படங்கள் ஒன்றையொன்று மறுத்தால், எந்தப் படத்தையும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. எனவே மனநிலை, வெளிச்சம், ஊரின் நிறம் பற்றி வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் பேச இது உதவும். அதற்குமேல் இதன் தோளில் ஏற்றக்கூடாது.

மூன்றாம் வழி: அளவை அடித்தளத்தில் வைத்துவிடுவது

இங்கே அளவு சொல்லிலிருந்து இறங்கி வடிவியலுக்குப் போகிறது. முதலில் அளந்து, வெறும் பெட்டிகளாலான முப்பரிமாண மாதிரி ஒன்றைப் பிளெண்டரிலோ ஸ்கெட்ச்அப்பிலோ செய்கிறோம். அதில் கேமராவைப் பொருத்தி எடுத்த படங்களைக் கட்டுப்பாடாகக் கொடுத்து, அதன்மேல் தோலைப் போர்த்துவதற்கு மட்டும் பிராம்ப்ட் எழுதுகிறோம். ஸ்டேபிள் டிஃப்யூஷனோடு இணைந்து 2023-இல் வந்த கன்ட்ரோல்நெட் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

தவறு நுழையும் முதல் வாசல் அளவெடுப்பு. மனையின் எல்லைக்கு நகர நில அளவை வரைபடமோ புல வரைபடமோ இருக்கிறது. சாலை அகலத்தை டேப் பிடித்து, மனைக்கு முன்னால் மிகக் குறுகலான இடத்தில், மதிலுக்கு மதில் எடுக்க வேண்டும். பலர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலைகளையும் வீடுகளையும் ஒரே சொடுக்கில் இறக்கிக்கொள்கிறார்கள். அங்கே பெரும்பாலான சாலைகளுக்கு நடுக்கோடு மட்டுமே உண்டு, அகலம் பதிவாகியிருக்காது. இறக்கும் மென்பொருள் சாலையின் வகையைப் பார்த்து ஒரு முன்தீர்மான அகலத்தைத் தானே போட்டுவிடும். வீட்டின் உயரத்துக்கும் அதே கதி. அளந்ததுபோலத் தோன்றும் இந்த எண்கள் அளக்காத எண்கள்.

இரண்டாவது வாசல், எந்தக் கட்டுப்பாட்டுப் படத்தைக் கொடுப்பது என்பது. பலரும் ‘டெப்த் மேப்’ எனும் ஆழப் படத்தை மட்டும் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். கேமராவிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம் என்பதைக் கறுப்பு வெள்ளைச் சாயலாக்கிக் காட்டுவது அது. பிளாக் 18 மீட்டர், எதிர்வீடு 7 மீட்டர் என்பதை அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சாலையை அதனால் பிடிக்க முடியாது. தாரும் மண்ணும் மனையின் முற்றமும் ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. ஆழப் படத்துக்கு அவை ஒரே தரை. தார் எங்கே முடிகிறது என்பது அதில் எழுதப்படவே இல்லை. அதனால் கட்டடங்கள் சரியாக நிற்க, சாலை மட்டும் மதில்வரை பரவி 9 மீட்டரும் தாராகிவிடுகிறது. அண்டை உயரம் சரியாகவும் சாலை தவறாகவும் வரும் படங்களுக்கு இதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு.

மாற்று என்னவென்றால், ஆழப் படத்தோடு வண்ணப் பிரிவுப் படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது. தார், மண், கட்டடம், மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நிறம். தாரின் பட்டை 5.5 மீட்டர், இருபுறமும் மண்ணின் பட்டை 1.75 மீட்டர் வீதம். மதிலும் தளக்கோடுகளும் தெரியும் கோட்டுப் படம் ஒன்றும் வேண்டும். அது ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த மூன்றும் கைவசம் இருந்தால் பிராம்ப்டில் அளவு எதுவுமே தேவையில்லை:

```
late morning light, worn tar, dusty earth shoulders,
open cement drain, painted plaster walls, water tanks
on flat terraces, grey sheet-roofed workshops,
neem and coconut trees, light haze
```

நல்ல பிராம்ப்ட் இதுதான் என்பேன். இது பொருளையும் ஒளியையும் மட்டும் பேசுகிறது. பெயர், எண், பெருமை எதுவும் இல்லை. ஒரு பட்டறையைச் ‘செராமிக்’ என்று அழைக்காமல், அதன் கூரையைச் சொல்கிறது.

அடித்தளம் இருந்தும் எங்கே வழுக்குகிறது

மூன்றாம் வழியும் பழுதற்றதல்ல. கேமராவை 80 மீட்டர் உயரத்தில், வளாகத்தின் நடுவிலிருந்து 120 மீட்டர் தள்ளி வைத்து, 54 பாகைப் பார்வை அகலத்தில் 1024 புள்ளி அகலப் படம் எடுக்கிறோம் என்று கொள்வோம். சாய்வுத் தூரம் 144 மீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு மீட்டர் என்பது படத்தில் சுமார் 7 புள்ளி. நம்மை விட்டு விலகி ஓடும் 9 மீட்டர் சாலை 63 புள்ளி அகலம் வரும். 1.7 மீட்டர் அகலக் கார் 12 புள்ளி. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகைக் கருவிகள் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய கட்டங்களில்தான் வேலை செய்கின்றன. அங்கே அந்தக் கார் ஒன்றரைக் கட்டம். மதில் ஒரு கட்டம்கூட இல்லை. ஒன்றரைக் கட்டத்தில் ஒரு காரைச் சரியான அளவில் வரைவது கருவிக்குக் கடினம். காரைப் பெரிதாக்கும், அல்லது ஒரு கறையாக்கிவிடும். காரின் அளவு பிசகினால், சாலையின் விளிம்பு சரியாக இருந்தும், பார்ப்பவர் கண்ணுக்குச் சாலை குறுகியோ விரிந்தோ தெரியும்.

இதற்குத் தீர்வு, இரண்டு மடங்கு பெரிய படமாக எடுப்பது. ஆனால் துண்டு துண்டாகப் பெரிதாக்கும் முறையில் வேறொரு ஆபத்து வருகிறது. ஒவ்வொரு துண்டும் தன் அண்டையை அறியாமல் விவரம் சேர்க்கிறது. பட்டறைச் சுவரின் காற்றுத்துளை வரிசை ஜன்னல் வரிசையாகிறது, ஒரு தளப் பட்டறை இரண்டு தள வீடாகிவிடுகிறது.

ஜன்னல்தான் இந்த விஷயத்தின் சூட்சுமம். பெட்டியின் வெளிக்கோடு 18 மீட்டராகவே இருக்கலாம். அதில் ஒன்பது வரிசை ஜன்னல் போட்டுவிட்டால், பார்ப்பவர் அதை ஒன்பது மாடிக் கோபுரம் என்றே படிப்பார். 7 மீட்டர் எதிர்வீட்டில் நான்கு வரிசை போட்டால் அது நான்கு மாடி. கட்டடத்தின் அளவைக் கண் அதன் உயரத்தைப் பார்த்து அறிவதில்லை. தளங்களை எண்ணி அறிகிறது. அதனால்தான் தளக்கோடுகள் தெரியும் கோட்டுப் படம் வேண்டும் என்றேன். சாலையிலும் இதே கதைதான்: 5.5 மீட்டர் தாரில் நான்கு தடத்துக்குக் கோடு போட்டுவிட்டால், விளிம்பு நகராமலே அது நெடுஞ்சாலையாகிவிடும்.

படத்தை எப்படிச் சோதிப்பது

சோதனை எளிதாக இருந்தால்தான் நடக்கும். முதலாவது, பெட்டி மாதிரியின் கோட்டுப் படத்தை முடிந்த படத்தின்மேல் அரைத் தெளிவில் வைத்துப் பார்ப்பது. விளிம்புகள் நகர்ந்திருந்தால் உடனே தெரியும். சொல்லிக்கொடுத்துப் படத்தைத் திருத்தும் புதுக் கருவிகளில் இது கட்டாயம். ‘சாலையை மாற்றாதே’ என்று எழுதினாலும் அவை மொத்தப் படத்தையும் மறுபடி வரைந்துவிடக்கூடும்.

மாதிரி கையில் இல்லாதவர், அதாவது வாங்குபவர், காரை வைத்துச் சோதிக்கலாம். சாலையில் நிற்கும் காரின் அகலத்தை அளந்து, அதே இடத்தில் சாலைக்குக் குறுக்கே எத்தனை கார் அடங்கும் என்று பார்க்க வேண்டும். நம் சாலையில் தார்மட்டும் என்றால் மூன்றுக்குச் சற்று மேல், மதிலுக்கு மதில் என்றால் ஐந்துக்குச் சற்று மேல் வர வேண்டும். எட்டு அடங்கினால் சாலை 13 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதே இடம் என்பது முக்கியம்; தூரம் கூடினால் எல்லாம் சிறுக்கும். விலகி ஓடும் சாலையையும் குறுக்கே ஓடும் சாலையையும் ஒப்பிடவும் கூடாது. மேலே சொன்ன கேமராக் கோணத்தில், குறுக்கே ஓடும் 9 மீட்டர் சாலை 35 புள்ளியாகச் சப்பிப்போய்த் தெரியும். அது பிழையல்ல, பார்வை விதி.

நிழலும் ஒரு நல்ல சாட்சி. விருத்தாசலம் 11.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் 55 பாகை உயரத்தில் தெற்கே நிற்கும். 18 மீட்டர் கட்டடத்தின் நிழல் அப்போது வடக்கே 12.6 மீட்டர் விழும். கட்டடத்துக்கும் சாலைக்கும் இடையில் 5 மீட்டர் விட்டிருந்தால், மீதி 7.6 மீட்டர் நிழல் 9 மீட்டர் சாலையை ஏறக்குறைய மூடிவிடும். டிசம்பர் மதியம் என்று சொல்லும் படத்தில் நிழல் சாலையின் பாதியைக்கூடத் தொடவில்லை என்றால், உயரமோ அகலமோ ஒன்று பொய்.

ஓர் எதிர்வாதம்

‘இது ஓவியரின் கற்பனைதான் என்று அடியில் எழுதிவிடுகிறோமே, பழைய ஓவியர்களும் அழகுபடுத்தத்தானே செய்தார்கள்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கையால் வரைந்தவர்கள் கட்டடத்தின் கோடுகளைத் தளவரைபடத்திலிருந்து ஏற்றிக்கொண்ட பிறகுதான் வானத்திலும் மரத்திலும் மனம்போல விளையாடினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உரிமை வேறு, சாலையையே மாற்றும் உரிமை வேறு. சட்டமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்திலோ விவரக் குறிப்பேட்டிலோ உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்கு ஈடு கேட்கும் வழி தருகிறது. சாலையின் அகலம் தகவல்தான், அலங்காரம் அல்ல.

தீர்ப்பு

எண்களை எழுதிப் படம் வாங்கும் முதல் வழியை எந்தப் பயனுக்கும் ஏற்க முடியாது. அளவைப் பற்றி எதுவும் அறியாத ஒன்று, அளவு அறிந்த தோற்றத்தைத் தருவதே அதன் குற்றம். உறவுகளை எழுதும் இரண்டாம் வழியை வடிவமைப்பு அலுவலகத்தின் சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம். வாங்குபவர் கையிலோ எதிர்வீட்டார் கையிலோ கொடுக்கக்கூடாது. மூன்றாம் வழியை ஏற்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: பெட்டி மாதிரியின் வெறும் படம் அதே கோணத்தில் பக்கத்திலேயே அச்சாக வேண்டும், மதிலுக்கு மதில் எத்தனை மீட்டர், தார் எத்தனை மீட்டர் என்று சாலையின்மேல் எழுதப்பட வேண்டும்.

இந்த வழிக்கு உழைப்பு கூடத்தான். தெருவில் இறங்கி டேப் பிடிக்க ஆள் வேண்டும், எதிர்வீடுகளின் தளங்களை நின்று எண்ண வேண்டும், பெட்டிகளை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். நாலு வரி எழுதினால் போதும் என்ற ஆசை வார்த்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்வது இந்த உழைப்பைத்தான். அளவு பிறப்பதும் இந்த உழைப்பில்தான் என்பதால், அதை மிச்சப்படுத்திய படத்தில் 9 மீட்டர் சாலையைத் தேடுவதில் பயனில்லை.